முகம் பார்த்துச் சொன்ன பதில்

சென்ற வாரம் சின்னவள் கல்யாணத்துக்குச் "சரி" என்று சொன்னதிலிருந்து பெரியவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பாவுமா? லிஃப்ட் பழுது பார்க்கும் அந்த மனிதரை வீட்டுக்குக் கொண்டுவந்ததே அவள்தான். அவள் கண் பரிசோதனை செய்யும் கண்ணாடிக் கடை ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கிறது. அங்கே லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துக்கொள்ளும். அவர் வந்து எழுப்பிவிட்டுப் போவார். நல்ல மனிதர், கைச் சுத்தம், வாய்ச் சுத்தம். தங்கைக்கு அறிமுகம் செய்துவைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரியவளுக்கு வேடிக்கையாக இருந்தது. விடுமுறையில் பத்து மணி வரை போர்வையை விலக்காத சின்னவள், இருட்டோடு எழுந்து அவருடன் ஏரிக்கு மீன் பிடிக்கப் போனாள். லிஃப்ட் பெட்டி தரைக்குச் சமமாக வந்து நின்றால் அந்தத் தொழிலில் "லெவல்" என்பார்கள். அவர் நல்ல காபி, நல்ல மழை, நல்ல தூக்கம் எல்லாவற்றையும் "லெவல்" என்பார். பத்தே நாளில் சின்னவளும் அப்படியே. அவருக்குப் பூனை ஆகாது, நன்றியில்லாத ஜென்மம் என்பார். சிறு வயதில் ஒரு பூனை செத்ததற்காக மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்த சின்னவள், "ஆமா, பூனை நன்றிகெட்டதுதான்" என்றாள்.

"அவர் வார்த்தையாவே வருது இவ வாயில. இதுக்கு மேல என்னப்பா அத்தாட்சி வேணும்?" என்று அப்பாவிடம் அடித்துச் சொன்னவள் பெரியவள். அதை நம்பித்தான் பேச்சு கல்யாணம் வரை வந்தது.

இன்று மத்தியானம் அவர் சாப்பிட வருகிறார். பதிவு அலுவலகத்துக்கு எந்தத் தேதி, கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது, இரண்டையும் பேசி முடித்துவிட வேண்டும். ஆனால் காலையிலேயே சின்னவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னிக்குமா?"

"தினமும்தாங்கா. கூரியர் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தா சாயங்காலம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

"கடைக்கு வா. கண்ணப் பாத்துட்டு உடனே அனுப்பிடறேன்."

ஞாயிற்றுக்கிழமை கடையில் கூட்டம் இல்லை. சின்னவளை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கில் சோதனை ஃப்ரேமை மாட்டி, எதிர்ச் சுவரில் எழுத்துகளை எரியவிட்டாள் பெரியவள். லென்சை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டாள்.

"ஒண்ணு நல்லாருக்கா? ரெண்டா?"

"ரெண்டு."

"இப்போ? ஒண்ணா? ரெண்டா?"

"ரெண்டு."

இந்த வேலையில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. கடைசியில், லென்சை மாற்றுவதுபோல் கையை ஆட்டிவிட்டு அதே லென்சையே திரும்பப் போட வேண்டும். கண்ணால் பார்த்துப் பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் குழம்பி, "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க இருக்கு" என்பார்கள். சிலர் மட்டும் தயங்காமல் ஏதோ ஒன்றைச் சொல்வார்கள். அவர்கள் எழுத்தைப் பார்ப்பதில்லை, பரிசோதிப்பவரின் குரலைப் பார்க்கிறார்கள். எந்தப் பதிலைச் சொன்னால் இந்த அம்மாவுக்குத் திருப்தியாக இருக்கும் என்று தேடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களின் பதிலை வைத்துக் கண்ணாடி எழுதினால் தலைவலிதான் மிஞ்சும்.

வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் செய்கிற பெரியவள் தங்கைக்கு ஒரு நாளும் செய்ததில்லை. நம் வீட்டுப் பிள்ளை, நம்மிடம் எதற்குப் பொய் சொல்லப் போகிறாள் என்ற எண்ணம். இன்று கை பழக்கத்தில் தானாகச் செய்துவிட்டது.

"ஒண்ணா? ரெண்டா?"

"ரெண்டு நல்லாருக்குக்கா."

பெரியவளின் கை அப்படியே நின்றது. இரண்டும் ஒரே லென்ஸ்.

மறுபடி போட்டாள். இந்த முறை "ஒண்ணா?" என்பதில் குரலைக் கொஞ்சம் ஏற்றி, "ரெண்டா" என்பதை இறக்கினாள்.

"ஒண்ணு."

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"அப்போ… ரெண்டாக்கா?"

பெரியவள் எழுத்தெல்லாம் மங்கிப்போகும்படி ப்ளஸ் லென்சைப் போட்டு, கண்ணைச் சற்று நேரம் தளரவிட்டு, பிறகு படிப்படியாக இறக்கிக்கொண்டு வந்தாள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்கவே இல்லை. "வரியைப் படி" என்று மட்டும் சொன்னாள். கடைசி வரியைப் படித்து முடித்தபோது தெரிந்தது. கிட்டப்பார்வைக்கு இவள் போட்டிருப்பது தேவைக்கு மேலே முக்கால் பவர் கூடுதல். அந்தக் கூடுதலைக் கண்ணின் தசை நாள் முழுக்க இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டிக்கொண்டிருந்தது.

"இதையா நீ இத்தனை வருஷமா போட்டிருக்கே? கண்ணாடி ஒத்துக்கலன்னு ஏன் சொல்லல?"

"நீதானே எழுதிக் கொடுத்தே. சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன்." சின்னவள் பதறிப்போனாள். "உன் மேல தப்பில்லக்கா. என் கண்ணுதான் சரியில்ல."

பெரியவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். அவர் ஊர்ல இல்லாத வாரம் நீ ஏரிக்குப் போனியா?"

"எதுக்கு? அவர்தான் இல்லியே."

"தூண்டில் போடறது உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா?"

சின்னவள் அக்காவின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். கேள்வி எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்க்கிற பார்வை. ஆயிரம் தடவை பார்த்த பார்வைதான், பெரியவளுக்கு இன்றைக்குத்தான் புரிந்தது.

"நல்லாத்தான் இருக்கும். புழுவக் கோக்கறதுதான் கொஞ்சம்… கையில நாத்தம் போக மாட்டேங்குது." விரல்களை நீட்டினாள். சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்து நகக்கண்ணெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"இத அவர்கிட்ட சொன்னியா?"

"ஐயோ, சொன்னா வருத்தப்படுவார்ல?"

பெரியவள் மனசுக்குள் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆபீஸ் தோழி ஒருத்தி ஓட்டப் பைத்தியமாக இருந்தபோது இவளும் காலையில் ஓடினாள். அந்தத் தோழி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போன மறுநாளே ஓட்டம் நின்றது. அப்பாவோடு கிரிக்கெட் பார்க்க உட்கார்ந்தால் அப்பாவின் அணி ஜெயிக்க வேண்டும். தன்னோடு உட்கார்ந்தால் தனக்குப் பிடித்த படம். ஒருத்தர் மேல் மட்டும் ஆசைப்பட்டு அவரைப் போல ஆவது வேறு. எதிரே யார் வந்தாலும் அவராக ஆகிவிடுவது வேறு. இதைப் போய்க் காதல் என்று ஊருக்குச் சொன்னோமே!

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசிக்கக்கூட வேண்டியதில்லை. பேருந்துப் பணிமனையில் மேற்பார்வையாளராக இருந்த அப்பா, வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தத்திலேயே அன்றைய கோபம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். பெரியவள் எதிர்த்துப் பேசி அடி வாங்குவாள். அம்மா சமையலறையை விட்டு வரமாட்டாள். சின்னவள் மட்டும் ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்து, அவர் சொல்லப் போவதை அவருக்கு முன்னால் சொல்லிவிடுவாள். அவள் மேல் ஒரு அடிகூட விழுந்ததில்லை. 'குட்டி பிழைக்கத் தெரிந்தவள்' என்று அன்றைக்குப் பொறாமைப்பட்டிருக்கிறாள் பெரியவள்.

"நீ அவரக் கட்டிக்க வேண்டாம்" என்று நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. சொன்னால், "சரிக்கா" என்பாள். அது பதிலா?

மத்தியானம் லிஃப்ட்காரர் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கையில் பழப்பையுடன் வந்தார். அப்பா, இறந்துபோன அம்மாவின் படத்துக்கு எதிரே உள்ள தன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நால்வரும் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

பெரியவள் சாப்பிடவில்லை. இரண்டு பேரையும் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளுக்கு யோசிக்கும்போது காதுமடலை இரண்டு விரலால் இழுக்கிற பழக்கம் உண்டு. லிஃப்ட்காரர் பேச்சின் நடுவே காதுமடலை இழுத்துவிட்டுக்கொண்டார். தான் இழுக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை. முன்பெல்லாம் அவரிடம் இந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் கருத்தில் அவர் யாருக்கும் வளையவில்லை. அப்பா ஒன்று சொன்னால், "அப்படி இல்ல மாமா" என்று தன்மையாக மறுத்தார். சின்னவள் சாதம் போதும் என்றதும், "காலைலயும் சாப்பிடல, இப்பவுமா?" என்று கேட்டார். அவர் எடுத்துக்கொண்டதெல்லாம் தானாக ஒட்டிக்கொண்டது. அவர் மனசு வேறெங்கோ இருக்க, கைமட்டும் இவளைப் போல ஆகியிருந்தது.

சின்னவள் அப்படி இல்லை. அவர் தண்ணீர்க் குவளையை எடுத்தால் எடுத்தாள், வைத்தால் வைத்தாள். வாயைத் திறக்குமுன் முகத்தைப் பார்த்தாள். அப்பா சிரித்தால் அவளும் சிரித்தாள். லிஃப்ட்காரர் சிரிக்காவிட்டால் சிரிப்பைப் பாதியில் விழுங்கினாள்.

"அப்புறம் தம்பி," என்றார் அப்பா, "மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டேன்."

"எதுக்கு மாமா?"

"எதுக்கா? நீங்க ரெண்டு பேரும் இருக்கத்தான்."

லிஃப்ட்காரர் கையை நிறுத்தினார். "இல்லியே மாமா. நாங்க தனியா வீடு பாத்திருக்கோம். எனக்கு ராத்திரியில கூட அழைப்பு வரும், எங்க சர்வீஸ் ஆபீஸ் பக்கத்துலயே இருந்தாத்தான் சௌகரியம். அவளும் வந்து பாத்துட்டு, தனியாப் போயிடலாம்னு சொன்னாளே."

"யாரு, என் பொண்ணா? நேத்து சாயங்காலம் இதே எடத்துல நின்னுட்டு, உங்கள விட்டுட்டு எங்கயும் போக மாட்டேம்ப்பான்னு சொன்னா."

"என்கிட்ட ஜன்னலுக்கு என்ன கலர் திரை போடலாம்னுகூட பேசினா மாமா."

இரண்டு பேரும் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்கள்.

அவள் முகம் சுண்டிப்போனது. இரண்டு முகத்தையும் ஒரே நேரத்தில் பார்க்க முடியவில்லை அவளால். அப்பாவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்க ரெண்டு பேரும் பேசி எது சொன்னாலும் எனக்குச் சரிதான்."

"அது என்ன பதில்?" அப்பாவின் கை மேசையில் அறைந்தது. தட்டுகள் அதிர்ந்தன. "யார்கிட்ட பொய் சொன்னே? அத மொதல்ல சொல்லு!"

"பொய் இல்லப்பா… அப்போ அப்படித்தான் தோணுச்சு…"

அதுதான் உண்மை என்பது பெரியவளுக்குத் தெரிந்தது. அப்பா எதிரே நின்றபோது இங்கேயே இருக்கலாம் என்று தோன்றியிருக்கும். அவரோடு நின்றபோது போய்விடலாம் என்று தோன்றியிருக்கும். இரண்டிலும் கள்ளம் இல்லை. தனியாக இருக்கும்போது என்ன தோன்றியது என்று அவளைக் கேட்டவர் யாருமில்லை.

"மாமா, கத்தாதீங்க. அவ நடுங்கறா பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். பிறகு சின்னவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்துக்கொண்டார். "வீடு கிடக்கட்டும் விடு. நான் வேற கேக்கறேன். ஏரிக்கு வர்றது உனக்குப் பிடிச்சுத்தானே வர்றே?"

"பிடிக்குமே. லெவலா இருக்கும்."

"பூனை பிடிக்காதுன்னியே?"

"ஆமா."

"உன் பர்ஸ்ல ஒரு பூனை படம் இருக்கு. பழசு. அன்னிக்குச் சில்லறை எடுத்தப்போ பாத்தேன். நான்தான் தப்பா நெனச்சுக்கிட்டேன்னு விட்டுட்டேன்."

அவள் குனிந்து சாதத்தைப் பிசைந்தாள்.

"எங்கிட்ட உனக்குப் பிடிக்காதது ஒண்ணு சொல்லு. ஒண்ணே ஒண்ணு."

சின்னவள் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். "சொன்னா… கோவிச்சுக்க மாட்டீங்கல்ல?"

லிஃப்ட்காரர் எழுந்துவிட்டார். அடிபட்ட மாதிரி இருந்தது அவர் முகம். இத்தனை மாதத்தில் அவர் அவளிடம் குரலை உயர்த்தியது கிடையாது. ஆனாலும் அவள் பயந்துகொண்டிருக்கிறாள். எத்தனை நாளாக? தன்னோடு சிரித்த சிரிப்பில் எத்தனை பயம்?

ஜன்னலோரம் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார்.

"என் முகத்தப் பாக்காமச் சொல்லு. அப்பா முகத்தயும் பாக்காத. மாமா, நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. உனக்கு என்னைப் பிடிச்சிருக்கா, இல்லியா? இல்லேன்னா ஒண்ணும் ஆயிடாது. நான் போயிடுவேன், யாரும் உன்னத் திட்ட மாட்டாங்க. உண்மையச் சொல்லு போதும்."

கீழே தெருவில் ஒரு வண்டி முடுக்கிக்கொண்டு போனது.

சின்னவள் அந்த முதுகைப் பார்த்தாள். அதில் படிப்பதற்கு ஒன்றும் இல்லை. அப்பா குனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். காதுமடலை இழுத்தாள், விட்டாள். இரண்டு முறை வாய் திறந்து மூடியது. பிறகு மெல்ல, யாருக்கும் தெரியாமல், அவள் கண்கள் பெரியவளின் பக்கம் வந்தன.

பெரியவள் முகத்தைத் திருப்பியிருக்க வேண்டும். எழுந்து உள்ளே போயிருக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க முகத்தில் ஒன்றும் காட்டாமல், குரலில் ஒன்றும் காட்டாமல் கேள்வி கேட்டுப் பழகியவள். ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் கிடந்த பாரம், தங்கையை எப்படியாவது இதிலிருந்து இழுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு, எல்லாம் சேர்ந்து அவள் தலை ஒரு துளி அசைந்துவிட்டது. இடமும் வலமுமாக.

"பிடிக்கல" என்றாள் சின்னவள்.

அப்பா நிமிர்ந்தார். லிஃப்ட்காரர் சற்று நேரம் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடியே நின்றார். பிறகு திரும்பினார். கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் நிதானம்.

"தாங்க்ஸ்மா. இப்பவாவது சொன்னியே."

கை கழுவிவிட்டு, அப்பாவுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் படியிறங்கினார். பெரியவள் பின்னாலேயே ஓடினாள். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.

வண்டியில் சாவியைப் போட்டுவிட்டு அவர் நின்றார்.

"உங்க மேல வருத்தம் இல்லக்கா. எனக்கே கொஞ்ச நாளா உறுத்திக்கிட்டுத்தான் இருந்துச்சு. நான் எது சொன்னாலும் ஆமாம்பா. ஆனா ஒரே ஒரு தடவ எங்கிட்ட சண்டை போட்டிருக்கா, தெரியுமா?"

"சண்டையா? அவளா?"

"வேலை செய்யறப்போ விசில் அடிப்பேன். ஏரிக்கரையிலயும் அடிச்சேன். 'சகிக்கல, நிறுத்துங்க, இன்னொரு தடவ அடிச்சா எந்திரிச்சுப் போயிடுவேன்'னா. நான் திரும்பவும் விசிலடிச்சேன். நெஜமாவே எந்திரிச்சுப் போயிட்டா. அப்புறம் தூரத்துல நின்னு சிரிச்சா. அவ வேற யார்கிட்டயாவது அப்படிப் பேசிப் பாத்திருக்கீங்களா? அந்த ஒண்ணத்தான் நம்பிக்கிட்டிருந்தேன்." சிரிக்க முயன்றார், வரவில்லை. "போறேன்க்கா."

வண்டி தெருமுனை திரும்பியது. பெரியவள் வெறுந்தெருவைப் பார்த்தபடி நின்றாள். அப்பாவிடம், தன்னிடம், தோழியிடம், யாரிடமும் ஒரு நாளும் "நிறுத்து" என்று சொல்லாதவள், அந்த ஒருவரிடம் சொல்லியிருக்கிறாள். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்பி எழுந்து போயிருக்கிறாள், தூரத்தில் நின்று சிரித்திருக்கிறாள். பயமும் அவளுடையதுதான், ஆசையும் அவளுடையதுதான். இரண்டும் ஒரே பெண்ணிடம் இருக்கக்கூடும் என்று தனக்கு ஏன் தோன்றாமல் போனது? முதலில் எல்லாமே காதல் என்றாள். இன்று எல்லாமே பயம் என்று முடிவு கட்டினாள். இரண்டு முறையும் தங்கையின் வாயால் தானே பேசியிருக்கிறாள்.

மேலே ஏறி வந்தபோது அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. சின்னவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் பாதியில் விட்ட தட்டை மட்டும் எடுக்காமல் அதைச் சுற்றித் துடைத்தாள். அக்காவைக் கண்டதும் துணியைக் கீழே வைத்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அதைத் துடைக்கவேண்டும் என்றுகூடத் தோன்றாமல், ஆவலோடு அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"சரியாச் சொன்னேனாக்கா?"